69.8இலிருந்து 1.3: இறங்கியது எது, இறங்காதது எது?

"பணவீக்கம் என்றால் என்ன? அது சாதாரணக் குடும்பங்களை எவ்வாறு பாதிக்கிறது? சுருக்கமாக விடை தருக." குடியியல், பொருளியல் வினாத்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. மாணவர்கள் எழுதும் விடையும் ஏறக்குறைய ஒன்றுதான். பொருட்கள், சேவைகளின் பொதுவான விலைமட்டம் தொடர்ச்சியாக உயர்வது பணவீக்கம். அதனால் பணத்தின் வாங்கும் சக்தி குறைகிறது. நிலையான வருமானம் உள்ளோர் பாதிக்கப்படுவர். கடன் வாங்கியோர் பயனடைவர். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு இது போதும்.

ஆனால் இந்த விடையை மனப்பாடம் செய்த ஒருவரிடம் வேறொரு கேள்வி கேட்டுப் பாருங்கள். இலங்கையில் 2022 செப்டம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். ஓராண்டு கழித்து, 2023 செப்டம்பரில் 1.3 சதவீதம். அப்படியானால் 2023இல் பொதுவான விலைமட்டம் குறைந்திருந்ததா? நன்றாகப் படித்தவர்களும் இங்கே தடுமாறுகிறார்கள். பலர் "ஆமாம்" என்கிறார்கள். விடை "இல்லை". இந்த ஒரு இடம் தெளிவானால், பணவீக்கம் ஒரு குடும்பத்தை என்ன செய்கிறது என்பதில் பெரும்பகுதி தெளிவாகிவிடும். அதற்கு இலங்கையின் 2021 முதல் 2025 வரையிலான கணக்கைவிடத் தெளிவான பாடம் அண்மைக் காலத்தில் நம் பக்கத்தில் வேறெங்கும் கிடைக்கவில்லை. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நாட்கூலிக்கு வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்கள் அந்தப் பாடத்தின் முழு விலையையும் கொடுத்தவர்கள். எனவே அவர்கள் வழியாகவே பார்ப்போம்.

அந்த 69.8 எங்கிருந்து வந்தது?

இலங்கையின் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் மாதந்தோறும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணை வெளியிடுகிறது. ஒரு நகர்ப்புறக் குடும்பம் வாங்கும் பொருட்களையும் செலுத்தும் கட்டணங்களையும் பட்டியலிட்டு, குடும்பச் செலவில் எதற்கு எவ்வளவு பங்கு என்று எடை கொடுத்து, மொத்தச் செலவு எவ்வளவு மாறியது என்று பார்ப்பார்கள். முந்தைய ஆண்டு அதே மாதத்தில் 100 ரூபாய்க்குக் கிடைத்த அந்தப் பட்டியல், 2022 செப்டம்பரில் 169 ரூபாய் 80 சதத்துக்குக் கிடைத்தது. அதுதான் 69.8 சதவீதம்.

இது ஒரே இரவில் நடந்ததல்ல. 2019 டிசம்பரில் புதிய அரசு மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக வெட்டியது. வருமானம் குறைந்த அரசு, செலவைக் குறைக்கவில்லை. வெளிச்சந்தையில் கடன் கிடைக்காமல் போனபோது அரசின் கடன் பத்திரங்களை மத்திய வங்கியே வாங்கியது. நாட்டில் ரூபாய் பெருகியது. அதற்கு ஈடாகப் பொருள் பெருகவில்லை. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து விளைச்சலும் விழுந்தது. கொரோனாவால் சுற்றுலா வருமானம் நின்று டொலர் கையிருப்பு கரைந்தது. இவ்வளவுக்கும் நடுவில் ஒரு டொலர் சுமார் 203 ரூபாய் என்று பிடித்து வைத்திருந்தார்கள். 2022 மார்ச்சில் அந்தப் பிடியை விட்டார்கள். மே மாதத்துக்குள் ஒரு டொலர் 360 ரூபாய் அளவுக்குப் போனது. ஏப்ரல் 12ஆம் தேதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது.

டொலர் கணக்கை வீட்டுக் கணக்காகப் பார்த்தால் இப்படி. உலகச் சந்தையில் ஒரு டொலருக்கு விற்கும் கோதுமையின் விலை ஒரு சதம்கூட ஏறவில்லை என்று வைத்துக்கொள்வோம். இலங்கைக்கு வரும்போது அதன் விலை 203 ரூபாயிலிருந்து 360 ரூபாய் ஆகிவிடும். 77 சதவீத ஏற்றம், நாணயத்தின் சரிவால் மட்டுமே. உண்மையில் அந்த நேரத்தில் உக்ரைன் போரால் கோதுமையும் எண்ணெயும் டொலரிலேயே விலை ஏறியிருந்தன. இரண்டும் சேர்ந்து தலையில் இறங்கின. 2021 டிசம்பரில் லீற்றர் 177 ரூபாயாக இருந்த பெற்றோல், 2022 ஜூன் கடைசியில் 470 ரூபாய். லீற்றர் 87 ரூபாய்க்கு விற்ற மண்ணெண்ணெய், 2022 ஆகஸ்டில் ஒரே அறிவிப்பில் 340 ரூபாய்.

மண்ணெண்ணெயைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. பெற்றோல் விலை ஏறியதைத் தொலைக்காட்சி காட்டியது. வரிசைகளை உலகமே பார்த்தது. மண்ணெண்ணெய் ஏழை வீட்டின் எரிபொருள். வடக்கில் சிறு படகில் கடலுக்குப் போகும் மீனவரின் எரிபொருளும் அதுதான். அது கிட்டத்தட்ட நான்கு மடங்கானபோது அதை விட்டு வேறொன்றுக்கு மாற அவர்களிடம் வழி இருக்கவில்லை.

சராசரிக்குள் மறைந்த வீடு

69.8 என்பது ஒரு சராசரி. அதுவும் கொழும்பு நகர்ப்புறக் குடும்பத்தின் சராசரி. அதற்குள் இரண்டு எண்கள் இருந்தன. உணவுப் பொருட்களின் விலை ஏற்றம் 94.9 சதவீதம். உணவு அல்லாதவற்றின் ஏற்றம் 57.6 சதவீதம். அந்தச் சுட்டெண்ணில் உணவுக்குக் கொடுத்த எடை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால்தான் இரண்டும் சேர்ந்து 70ஐ ஒட்டி நின்றன.

இப்போது வருமானத்தில் 60 சதவீதத்தைச் சாப்பாட்டுக்கே செலவிடும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 94.9இல் 60 சதவீதம், 57.6இல் 40 சதவீதம் என்று எடை போட்டால் அந்த வீட்டின் பணவீக்கம் சுமார் 80 சதவீதம். அரசு அறிவித்ததைவிடப் பத்து புள்ளி அதிகம். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. சராசரி எடுத்தால் ஏழை வீட்டின் ஏற்றம் உள்ளே அமுங்கிப் போகும். மாணவர்கள் விடையில் "பணவீக்கம் ஏழைகளை அதிகம் பாதிக்கும்" என்று எழுதுகிறார்கள். ஏன் என்று கேட்டால் "அவர்களிடம் பணம் குறைவு" என்பார்கள். சரியான காரணம் அவர்களுடைய செலவுப் பட்டியலில் இருக்கிறது. எந்தப் பொருள் அதிகம் ஏறியதோ அதற்கே அவர்கள் பணத்தில் பெரும்பகுதி போகிறது. அதைத் தள்ளிப்போடவும் முடியாது.

இதைத் தோட்டக் கூலிக்குள் கொண்டுபோய்ப் பார்ப்போம். 2021 மார்ச்சில்தான், பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயானது. தோட்டத்தில் ஒரு நாள் வேலையை "ஒரு பேர்" என்பார்கள். மாதத்துக்கு 20 பேர் விழுந்தால் 20,000 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் பிடித்தால் கைக்கு 18,400. இதில் 60 சதவீதம், அதாவது சுமார் 11,000 ரூபாய், அரிசி, கோதுமை மா, பருப்பு, தேங்காய், எண்ணெய், சீனி, கருவாடு என்று போகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 7,400 ரூபாயில் மண்ணெண்ணெய், மின்சாரம், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு, மருந்து, பஸ், கடன்.

ஓராண்டு கழித்து அதே 11,000 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 21,400 ரூபாய் வேண்டும். கைக்கு வருவதோ அதே 18,400. முழுச் சம்பளத்தையும் உணவுக்கே கொடுத்தாலும் பழைய அளவுக்கு வாங்க முடியாது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆக, சமாளிப்பது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும். முதலில் முட்டையும் மீனும் போகும். பிறகு பிள்ளைக்கு வாங்கும் பால்மா. பிறகு ரொட்டியின் எண்ணிக்கை. அதற்கும் பிறகு பள்ளிக்கூடம். ஏறிய விலைகள் எல்லாம் பட்டியலில் பதிவாகின்றன. இந்த வெட்டுகளை எந்த விலைச் சுட்டெண்ணும் பதிவுசெய்வதில்லை.

இன்னொரு அடியும் விழுந்தது; பாடப்புத்தகத்தில் இதைப் பார்க்க முடியாது. தோட்டத்தில் முழுப் பேர் கிடைக்க ஒரு நாளில் இத்தனை கிலோ கொழுந்து பறிக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. குறைந்தால் அரைப் பேர்தான். உரம் இல்லாமல் செடி கொழுந்து விடவில்லை. 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் 25 கோடி கிலோவாக விழுந்தது. கொழுந்து இல்லாத மலையில் கிலோ சேராது. எனவே 1,000 ரூபாய் என்று காகிதத்தில் இருந்த சம்பளமே பல நாட்களில் 500 ரூபாயாக வந்தது. விலை ஏறிய அதே காரணங்களில் ஒன்று வருமானத்தையும் குறைத்தது. 2021இல் 13.1 சதவீதமாக இருந்த இலங்கையின் வறுமை 2022இல் 25 சதவீதமானது என்று உலக வங்கி மதிப்பிட்டது. தோட்டப்புறத்தில் அது பாதிக்கும் மேல்.

சேமிப்பும் கடனும்

சேமித்து வைத்திருந்தவர்களுக்கு என்ன ஆனது? ஊழியர் சேமலாப நிதி 2022ஆம் ஆண்டுக்கு 9 சதவீத வட்டி கொடுத்தது. சாதாரண ஆண்டில் அது நல்ல வட்டி. 2022 டிசம்பரில் ஓராண்டுப் பணவீக்கம் 57.2 சதவீதம். ஆண்டுத் தொடக்கத்தில் கணக்கில் 100 ரூபாய் இருந்தால் ஆண்டு முடிவில் 109 ரூபாய் ஆகியிருக்கும். ஆனால் அந்த 109 ரூபாய்க்கு, ஆண்டுத் தொடக்கத்தில் 69 ரூபாய்க்குக் கிடைத்த சரக்குத்தான் கிடைக்கும். பாஸ் புத்தகத்தில் எண் கூடியிருக்கிறது. பொருளில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வேலையில் இருப்பவர் அந்தப் பணத்தை நினைத்தபோது எடுத்துப் பொருளாகவோ நகையாகவோ மாற்றவும் முடியாது. முப்பது ஆண்டு மலையில் ஏறி இறங்கியவரின் ஓய்வுக்காலத்திலிருந்து, அவர் கையெழுத்து இல்லாமலே எடுத்துக்கொண்ட பணம் அது.

"கடன் வாங்கியோர் பயனடைவர்" என்ற வரியை இங்கே சோதித்துப் பார்க்க வேண்டும். ரூபாயின் மதிப்பு குறைந்தால் பழைய கடனின் சுமையும் குறையும் என்பது கணக்கில் சரி. ரூபாயில் கடன் வாங்கியிருந்த அரசுக்கு அது நடந்தது. வருமானமும் விலையோடு சேர்ந்து ஏறும் வியாபாரிக்கும் நடக்கும். நாட்கூலி 1,000 ரூபாயிலேயே நிற்கும் வீட்டில் கடன் தவணை அப்படியே இருக்க, தவணை கட்டுவதற்கு மிஞ்சும் பணம்தான் மறைந்தது. நகைக்கடன் வாங்கியவர் நகையை மீட்க முடியாமல் போனார். வருமானம் விலையோடு ஏறினால் மட்டுமே கடனாளிக்குப் பயன் என்ற நிபந்தனையைச் சேர்க்காமல் அந்த வரியை எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வேகம் குறைந்தது, உயரம் குறையவில்லை

2022 ஏப்ரல் 8ஆம் தேதி மத்திய வங்கி தன் வட்டி வீதத்தை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அரசுக்காகப் பணம் அச்சிடுவது படிப்படியாகக் கட்டுப்பட்டது. 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய மத்திய வங்கிச் சட்டம் அதைத் தடையே செய்தது. ரூபாய் நிலைபெற்றது. கசப்பான மருந்துதான், ஆனால் வேலை செய்தது. அதற்கிடையில் மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பிப்ரவரியில் 66 சதவீதமும் ஏறியது. 2023 செப்டம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதத்துக்கு வந்தபோது அதை வெற்றி என்று அறிவித்தார்கள். பொருளாதார அறிவிப்பாக அது உண்மைதான். வீட்டில் கேட்டவர்கள் குழம்பினார்கள்: "விலை குறைந்துவிட்டது என்கிறார்கள், கடைக்காரன் மட்டும் ஏன் குறைக்கவில்லை?"

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பஸ்ஸின் வேகம் எழுபதிலிருந்து ஒன்றுக்குக் குறைந்தால், பஸ் கீழே இறங்கிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. மலைமேல் ஏறிய இடத்தில்தான் நிற்கிறது, இன்னும் மெதுவாக ஏறிக்கொண்டும் இருக்கிறது. பணவீக்கம் அந்த வேகம். விலைமட்டம் அந்த உயரம்.

எண்ணில் பார்ப்போம். 2021 செப்டம்பரில் பட்டியலின் விலை 100 என்று வையுங்கள். 2022 செப்டம்பரில் 170. அதன்மேல் 1.3 சதவீதம் ஏறி 2023 செப்டம்பரில் 172. 2024 செப்டம்பரில் பணவீக்கம் பூச்சியத்துக்கும் கீழே போனது, -0.5 சதவீதம், மின்கட்டணக் குறைப்பு அதற்கு ஒரு முக்கியக் காரணம். அப்போதுகூடப் பட்டியலின் விலை 171. 2025 செப்டம்பரில் 1.5 சதவீதம் ஏறி, சுமார் 174. இடையில் சுட்டெண்ணின் அடிப்படை ஆண்டு 2013இலிருந்து 2021க்கு மாற்றப்பட்டதால் இந்தச் சங்கிலியைத் தோராயமாகவே கொள்ள வேண்டும். ஆனால் படம் மாறாது. எந்தக் கட்டத்திலும் 100 பக்கம் திரும்பவே இல்லை.

செய்தியில் பணவீக்க எண்ணைக் கேட்டவுடன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எதோடு ஒப்பிட்டு? சென்ற ஆண்டு ஏற்கெனவே உச்சத்தில் இருந்திருந்தால், இந்த ஆண்டு ஏற்றம் தானாகவே சிறியதாகத் தெரியும். 1.3 சதவீதம் என்பது 170 ஆன விலையோடு ஒப்பிட்டுச் சொன்னது.

ஆகவே வினாத்தாளில் எழுதக்கூடிய விடையை நான் இப்படி எழுதுவேன்: "ஒரு நாட்டில் பொருட்கள், சேவைகளின் பொதுவான விலைமட்டம் தொடர்ந்து உயர்வது பணவீக்கம். பணவீக்க வீதம் என்பது விலை உயரும் வேகம். வீதம் குறைந்தாலும் விலைமட்டம் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. வருமானம் அதே வேகத்தில் உயராத குடும்பத்தின் வாங்கும் சக்தி குறைகிறது. உணவுக்கு அதிகப் பங்கு செலவிடும் ஏழைக் குடும்பம், உணவு விலை ஏறும்போது அறிவிக்கப்பட்ட சராசரியைவிட அதிகம் இழக்கிறது. வட்டி பணவீக்கத்தைவிடக் குறைவாக இருந்தால் சேமிப்பும் கரைகிறது." ஆறு வாக்கியம். ஐந்து மதிப்பெண்.

அப்படியானால் வீடு எப்போது மீளும்?

விலை பழைய இடத்துக்கு வராது என்றால், வருமானம்தான் மேலே ஏறி வர வேண்டும். அதற்கு வேறு வழி கிடையாது. இந்தியாவில் அரசு ஊழியருக்கு அகவிலைப்படி இருக்கிறது. விலைச் சுட்டெண் ஏறினால் ஆண்டுக்கு இரண்டு முறை அது திருத்தப்படுகிறது. தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஒவ்வொரு ரூபாயும் பேச்சுவார்த்தையிலும் வர்த்தமானி அறிவித்தலிலும் நீதிமன்றத்திலும் போராடித்தான் வருகிறது.

2021 செப்டம்பர் விலையில் அந்த 1,000 ரூபாய், 2022 செப்டம்பரில் 589 ரூபாய்க்குச் சமம். சம்பளச் சீட்டில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் நாற்பது சதவீதச் சம்பளவெட்டு நடந்தது. முதலாளி இதை வெளிப்படையாக அறிவித்திருந்தால் மறுநாள் மலையெங்கும் வேலைநிறுத்தம் நடந்திருக்கும். பணவீக்கம் வழியாக வந்ததால் எதிர்த்துப் பேச எதிரில் ஆளே இல்லை.

அந்த 1,000 ரூபாய் மூன்று ஆண்டுக்கு மேல் அப்படியே நின்றது. 2024 செப்டம்பரில்தான் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. 35 சதவீத உயர்வு என்று கேட்டால் பெரிதாகத் தோன்றும். பட்டியலின் விலை 171ஆக இருந்த மாதம் அது. பழைய 1,000 ரூபாயின் வாங்கும் சக்தியைத் திருப்பித் தர 1,710 ரூபாய் வேண்டும். 1,350 என்பது பழைய விலையில் 790 ரூபாய்தான். உயர்வு கிடைத்த அன்றும் அந்தத் தொழிலாளி 2021இல் இருந்ததைவிட ஏழை.

2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அது 1,550 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வேலைக்கு வரும் நாளுக்கு 200 ரூபாய் ஊக்கத்தொகையை அரசு சேர்த்துக்கொடுக்க, மொத்தம் 1,750 ரூபாய். 174 என்ற விலைமட்டத்தில் வகுத்தால், 2021 கணக்கில் 1,006 ரூபாய். நான்கு ஆண்டுக்கு மேல் கழித்து, புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது சம்பளம். அதுவும் அரசின் ஊக்கத்தொகையையும் சேர்த்தால்தான். அது இல்லையென்றால் பழைய கணக்கில் 891 ரூபாய். கொழும்புச் சுட்டெண்ணுக்குப் பதிலாக உணவுக்கு அதிக எடை தரும் தோட்ட வீட்டுப் பட்டியலை வைத்து வகுத்தால் அதுவும் குறையும். இடைப்பட்ட ஆண்டுகளில் சாப்பிடாமல் விட்டதும், அடகில் மூழ்கிய நகையும், பாதியில் நின்ற படிப்பும் எந்தச் சம்பள உயர்விலும் பின்தேதியிட்டு வரவில்லை.

அடுத்த சம்பளப் பேச்சு வரும்போது மேசையில் இருக்க வேண்டிய காகிதம் அந்த மாதத்தின் பணவீக்க வீதம் அல்ல. கடைசியாகச் சம்பளம் நிர்ணயித்த நாளிலிருந்து சுட்டெண் எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற கணக்கு. 1.5 சதவீதம்தானே ஏறியிருக்கிறது என்று எதிர்த்தரப்பு சொல்லும். எந்த ஆண்டோடு ஒப்பிட்டு என்று தொழிற்சங்கம் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளைகள் இப்போது தோட்டப் பள்ளிக்கூடங்களில் இதே பாடத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் விடையில், பணவீக்க வீதம் என்பது விலை உயரும் வேகம் என்ற அந்த இரண்டாவது வாக்கியம் இருக்க வேண்டும்.